பிறந்த குழந்தையின் மஞ்சள் காமாலை: வெயில் எதுவரை, சிகிச்சை எப்போது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பகுதிகளில் பிரசவம் முடிந்து வீடு திரும்பிய தாய்மார்களைப் பார்த்துவரும் செவிலியராக, பெரும்பாலும் ஒரே ஐயங்களைத்தான் மீண்டும் மீண்டும் கேட்கிறேன். அவர்கள் கேட்ட சொற்களிலேயே அந்தக் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

"மூணாம் நாளே கொழந்தை மஞ்சளா இருக்குது சிஸ்டர். பிறக்கும்போதே கல்லீரல் கெட்டுப்போச்சா?"

இல்லை. வயிற்றில் இருக்கும்போது குழந்தைக்குச் சிவப்பணுக்கள் அதிகம் தேவைப்பட்டன. பிறந்து மூச்சுவிடத் தொடங்கியதும் அவ்வளவு தேவையில்லை. உபரியான சிவப்பணுக்கள் உடையும்போது பிலிரூபின் என்னும் மஞ்சள் நிறப் பொருள் உண்டாகிறது. அதைப் பதப்படுத்தி மலத்தின் வழியே வெளியேற்றுவது கல்லீரலின் வேலை. பிறந்த முதல் சில நாட்களில் கல்லீரல் அந்த வேலைக்கு இன்னும் முழுமையாகப் பழகியிருக்காது. எனவே பிலிரூபின் இரத்தத்தில் தேங்கித் தோலிலும் கண்ணிலும் மஞ்சளாகத் தெரிகிறது.

நிறைமாதத்தில் பிறந்த பத்துக் குழந்தைகளில் ஏறத்தாழ ஆறு பேருக்கும், குறைமாதத்தில் பிறந்தவர்களில் எட்டுப் பேருக்கும் முதல் வாரத்தில் இது தென்படும். இயல்பான மஞ்சள், பிறந்த இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் தொடங்கி, மூன்றிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் உச்சத்தை அடைந்து, நிறைமாதக் குழந்தைக்கு இரண்டு வாரத்துக்குள் மறைந்துவிடும். இந்தக் கால வரிசையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பதில்களில் பாதி இதைச் சார்ந்தவை.

"பெரியவங்களுக்கு வர்ற காமாலை மாதிரி ஒட்டிக்குமா? நான் சாப்பிட்டது எதுவும் காரணமா?"

ஒட்டாது. பெரியவர்களுக்கு அசுத்தமான தண்ணீரால் வரும் காமாலை கிருமியால் வருவது, இது வேறு. தாய் மஞ்சள்தூள் போட்ட குழம்பு சாப்பிட்டதாலோ, பருப்பு, பப்பாளி, மாம்பழம் சாப்பிட்டதாலோ குழந்தைக்கு மஞ்சள் வராது. இதற்காகத் தாய்க்குப் பத்தியம் வைத்து உணவைக் குறைத்தால், பிரசவக் களைப்பிலிருந்து அவர் தேறுவதுதான் தாமதமாகும்.

"வீட்டிலேயே எப்படிப் பார்க்கிறது? எங்க வீட்டு லைட்டுல எல்லாமே மஞ்சளாத்தான் தெரியுது."

சரியான பகல் வெளிச்சமே முதல் தேவை. நம் பகுதியில் ஒண்டுக் குடித்தனங்கள் பலவற்றில் ஜன்னலே இருக்காது. இருந்தாலும் எதிர்வீட்டுச் சுவர் மறைத்துவிடும். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் மஞ்சள் இல்லாத குழந்தையும் மஞ்சளாகத் தெரியும். வெள்ளை எல்இடி விளக்கில் குழந்தைக்கு உள்ள மஞ்சளும் தெரியாமல் போகும். எனவே காலை எட்டு மணிக்கு மேல் வாசற்படிக்கோ, மாடிப் படிக்கட்டின் நிழலுக்கோ குழந்தையைக் கொண்டுவாருங்கள். நேரடி வெயில் வேண்டாம், நிழலில் உள்ள வெளிச்சம் போதும். மஞ்சள், ஆரஞ்சு நிறத் துணிகளை அகற்றிவிட்டு, வெள்ளைத் துணியின் மேல் படுக்க வையுங்கள். காற்று வீசாத இடமாக இருக்கட்டும்.

கைகளைக் கழுவிக்கொண்டு, குழந்தையின் உடையை முழுவதும் தளர்த்துங்கள். நெற்றியில் அல்லது மூக்கு நுனியில் விரலால் மெதுவாக ஓரிரு நொடி அழுத்தி, விரலை எடுத்தவுடன் அந்த இடத்தைப் பாருங்கள். அழுத்தியபோது இரத்தம் விலகியிருக்கும். அது திரும்பி வருவதற்குள் தெரியும் நிறமே தோலின் உண்மையான நிறம். வெளிறித் தெரிந்தால் அந்த இடத்தில் மஞ்சள் இல்லை. எலுமிச்சை நிறம் தெரிந்தால் இருக்கிறது. அடுத்து மார்பு, தொப்புளுக்குக் கீழ், தொடை, கணுக்கால், கடைசியாக உள்ளங்கை, உள்ளங்கால் என்று இதே முறையில் கீழே இறங்கி வாருங்கள். எந்த இடம் வரை மஞ்சள் தெரிந்தது என்பதைத் தேதியோடும் நேரத்தோடும் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

இதை முதல் வாரம் முழுவதும் காலை, மாலை இரு வேளையும் அதே இடத்தில், முடிந்தால் அதே ஆளே பார்ப்பது நல்லது. கைப்பேசிப் படத்தை நம்பாதீர்கள். கேமரா தானாகவே நிறத்தை மாற்றிவிடும். மஞ்சள் பூசிக் குளிப்பாட்டும் வழக்கத்தையும் இந்த நாட்களில் நிறுத்துங்கள். கஸ்தூரி மஞ்சளின் நிறம் தோலில் தங்கிவிட்டால், நானே பார்த்தாலும் பிரித்தறிய முடியாது.

"எங்க கொழந்தை கொஞ்சம் கருப்பு. தோல்ல மஞ்சளே தெரியல, அப்போ இல்லைன்னுதானே அர்த்தம்?"

அப்படிச் சொல்ல முடியாது. நிறம் அடர்ந்த தோலில் மஞ்சள் தாமதமாகத்தான் கண்ணுக்குத் தெரியும். இத்தகைய குழந்தைக்கு மூன்று இடங்களைக் கூடுதலாகப் பாருங்கள்: கண்ணின் வெள்ளைப் பகுதி, விரலால் அழுத்திய பல் ஈறு, உள்ளங்காலின் தோல். குழந்தை தானாகக் கண்ணைத் திறக்கும் நேரத்தில் பாருங்கள். இமையை வலிந்து திறக்க வேண்டாம். ஈறு வெளிறித் தெரியாமல் மஞ்சளாகத் தெரிந்தால் மஞ்சள் இருக்கிறது.

"முகத்துல மட்டும் இருந்தா கம்மி, கால் வரைக்கும் வந்தா அதிகம்னு சொல்றாங்களே, அது சரியா?"

பாதி சரி. மஞ்சள் தலையிலிருந்து காலை நோக்கி இறங்குகிறது என்பதை 1969இல் கிரேமர் என்ற மருத்துவர் எழுதினார். ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் பிலிரூபின் ஏறத்தாழ 5 மில்லிகிராமை எட்டும்போது முகத்தில் தெரியத் தொடங்கும். அளவு ஏற ஏற மார்பு, வயிறு, தொடை எனக் கீழிறங்கும். உள்ளங்கை, உள்ளங்கால் மஞ்சளாகிவிட்டால் பெரும்பாலும் 15ஐத் தாண்டியிருக்கும்.

ஆனால் இதை வைத்து எண்ணைக் கணிக்க முடியாது. வயிறு வரை மஞ்சள் தெரியும் இரண்டு குழந்தைகளில் ஒருவருக்கு 9ஆகவும் மற்றவருக்கு 15ஆகவும் இருக்கலாம். அனுபவம் உள்ள மருத்துவர்களும் செவிலியர்களும்கூடக் கண்ணளவில் தவறுகிறார்கள். வீட்டில் பார்ப்பதன் பயன், பரிசோதனைக்குப் போக வேண்டுமா என்று முடிவெடுப்பது மட்டுமே. சிகிச்சை வேண்டாம் என்று முடிவெடுக்க அந்தப் பார்வை போதாது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், "பார்த்தோம், கொஞ்சமாத்தான் இருந்துச்சு" என்று சொல்லித் தாமதமாக வந்த குடும்பங்களை அதிகம் பார்த்திருக்கிறேன்.

"அப்போ எதைப் பார்த்தா உடனே ஆஸ்பத்திரிக்கு வரணும்?"

பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால், அது எவ்வளவு லேசாக இருந்தாலும் அன்றே, அந்த மணியிலேயே காட்ட வேண்டும். மேலே சொன்ன இயல்பான மஞ்சள் முதல் நாளில் வராது. முதல் நாளில் வந்தால், பெரும்பாலும் சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி உடைகின்றன என்று பொருள். தாய்க்கு நெகட்டிவ் வகை இரத்தமோ, ஓ வகை இரத்தமோ இருந்து குழந்தைக்கு வேறு வகை அமைந்தால் இப்படி நேரலாம். எந்த நாளானாலும் உள்ளங்கையோ உள்ளங்காலோ மஞ்சளாக இருந்தாலும், காலையில் மார்பு வரை இருந்தது மாலையில் தொடை வரை வந்துவிட்டாலும் அன்றே வாருங்கள்.

நிறத்தைவிட நான் அஞ்சுவது குழந்தையின் நடவடிக்கையைத்தான். பால் குடிக்க எழுப்பினாலும் எழாமல் தூங்கிக்கொண்டே இருப்பது, மார்பில் வைத்தால் இரண்டு முறை சப்பிவிட்டு விட்டுவிடுவது, கை கால் துவண்டு கிடப்பது, வழக்கத்துக்கு மாறாகக் கீச்சென்ற குரலில் அழுவது, கழுத்தும் முதுகும் பின்னோக்கி வில்லாக வளைவது, வலிப்பு ஆகியவை பிலிரூபின் மூளையைத் தொடத் தொடங்கியதற்கான அறிகுறிகளாக இருக்கலாம். "நல்லாத் தூங்குது, தொந்தரவே இல்லை" என்று மகிழ்வது இந்த இடத்தில் ஆபத்து. இத்தகைய நிலையில் காலை வரை காத்திருக்காமல் இரவானாலும் 108ஐ அழையுங்கள். மூளையில் படிந்த பிலிரூபின் காது கேட்கும் திறனையும் உடல் அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதியையும் நிரந்தரமாகப் பாதிக்கும். அதன்பிறகு அளவைக் குறைத்தாலும் போனது முழுவதும் திரும்பாது.

"காலை வெயில்ல அரை மணி நேரம் காட்டினா போதும்னு எங்க மாமியார் சொல்றாங்க. டிஸ்சார்ஜ் பண்ணும்போது ஆஸ்பத்திரியிலயும் அப்படித்தான் சொன்னாங்க."

இந்த நம்பிக்கைக்கு உண்மையான அடிப்படை இருக்கிறது. 1950களில் இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில், ராச்ஃபோர்டு மருத்துவமனையின் தலைமைச் செவிலியர் ஒருவர் குறைமாதக் குழந்தைகளை முற்றத்து வெயிலுக்குக் கொண்டுசெல்வார். துணி மூடியிருந்த இடம் மஞ்சளாகவே இருக்க, வெயில் பட்ட தோல் மட்டும் வெளுத்திருந்ததை அவர் கவனித்தார். வெயிலில் உள்ள நீல நிற ஒளி பிலிரூபினின் வடிவத்தை மாற்றுகிறது. மாறிய பிலிரூபினைக் கல்லீரல் பதப்படுத்தாமலேயே உடல் வெளியேற்றிவிடுகிறது. ஆனால் அந்த மருத்துவமனையின் மருத்துவர்கள் வெயிலோடு நிற்கவில்லை. நீல ஒளி விளக்குக் கருவியை உருவாக்கி, 1958இல் அதன் பலனை வெளியிட்டார்கள். ஏன் விளக்குக்கு மாறினார்கள் என்பதில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது.

ஒளி ஒரு மருந்து. மருந்துக்கு அளவு வேண்டும். மருத்துவமனையில் குழந்தையின் உடல் முழுவதும் திறந்திருக்க, பால் குடிக்கும் நேரம் தவிர இரவும் பகலும் அளந்த நீல ஒளி விழுகிறது. வீட்டில் அரை மணி நேரம், சட்டையும் தொப்பியும் போட்ட குழந்தையின் முகத்திலும் கையிலும் விழும் வெயில் அதற்கு ஈடாகாது. நேரத்தைக் கூட்டிவிடலாம் என்றால் அதுவும் முடியாது. வெயிலில் நீல ஒளியோடு புற ஊதாக் கதிரும் வெப்பமும் சேர்ந்தே வருகின்றன. சென்னையில் சித்திரை, வைகாசி மாதங்களில் காலை எட்டு மணி வெயிலே பிறந்த குழந்தையின் உடலைச் சூடாக்கி, நீரை வற்றச் செய்யும். நீர் வற்றினால் மஞ்சள் மேலும் ஏறும். மார்கழி விடியலில் துணியைக் கழற்றிக் காட்டினால் குழந்தை குளிர்ந்துவிடும்.

வெயிலையே முறையாகப் பயன்படுத்தியவர்களும் உண்டு. நைஜீரியாவில் விளக்குக் கருவிகளுக்குத் தட்டுப்பாடு இருந்த இடத்தில், புற ஊதாக் கதிரையும் பெருமளவு வெப்பத்தையும் தடுக்கும் படலம் போர்த்திய பந்தலின் கீழ்த் தாய்மார்கள் குழந்தைகளோடு பகலில் பல மணி நேரம் இருந்தார்கள். குழந்தையின் உடல் வெப்பமும் இரத்தப் பிலிரூபினும் தொடர்ந்து அளக்கப்பட்டன. அந்த முறை பலன் தந்ததாக 2015இல் வெளியிட்டார்கள். மொட்டை மாடியில் அரை மணி நேரம் காட்டுவதற்கும் அதற்கும் பெயரில் மட்டும்தான் ஒற்றுமை.

வெயிலில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ராச்ஃபோர்டில் கண்டதுபோல, வெயில் பட்ட இடத்துத் தோல் வெளுக்கும். இரத்தத்தில் உள்ள அளவு அதே விகிதத்தில் குறைந்திருக்காது. முகம் தெளிந்துவிட்டது என்று குடும்பம் ஆறுதலடையும் வேளையில் உள்ளே பிலிரூபின் ஏறிக்கொண்டிருக்கலாம். வெயிலில் காட்டிய குழந்தையை வீட்டில் சோதிக்கும்போது, துணியால் மூடியிருந்த இடத்தில் அழுத்திப் பாருங்கள்.

"ஆனா எங்க பெரிய பொண்ணுக்கு வெயில்லதான் சரியாச்சு, நானே பார்த்தேன்."

நீங்கள் பார்த்தது உண்மைதான். முதல் பதிலில் சொன்ன கால வரிசையை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஐந்தாம் நாளுக்குப் பிறகு மஞ்சள் தானாகவே இறங்கும். நான்காம் நாள் வெயிலில் காட்டத் தொடங்கினால், ஏழாம் நாள் குறைந்ததைக் காண்பீர்கள். காட்டாமல் இருந்தாலும் அப்படியே குறைந்திருக்கும். சிகிச்சை தேவைப்படாத குழந்தைக்கு வெயில் போதுமானதாகத் தெரிகிறது. தேவைப்படும் குழந்தையிடம் அதே நம்பிக்கையோடு இரண்டு நாள் காத்திருப்பதுதான் பிரச்சினை.

"எத்தனை பாயின்ட் இருந்தா லைட்ல வைப்பாங்க? பக்கத்து வீட்டுக் கொழந்தைக்கு 14, ஒண்ணும் பண்ணல. எங்க கொழந்தைக்கு 12தான், உள்ளே வெச்சுட்டாங்க."

இரண்டு முடிவுகளும் சரியாக இருக்க முடியும். பிலிரூபின் எண்ணை மட்டும் தனியாகப் பார்ப்பதில்லை. பிறந்து எத்தனை மணி நேரம் ஆனது, எத்தனை வாரக் கர்ப்பத்தில் பிறந்தது, இரத்த வகை மாறுபாடு போன்ற ஆபத்து இருக்கிறதா என்ற மூன்றோடும் சேர்த்து ஓர் அட்டவணையில் பார்க்கிறார்கள். 38 வாரம் நிறைந்த, ஆரோக்கியமான, வேறு ஆபத்து இல்லாத குழந்தைக்குத் தோராயமாக 24 மணி நேரத்தில் 12, 48 மணி நேரத்தில் 15, 72 மணி நேரத்தில் 18, நான்கு நாளில் 20 என்ற அளவில் ஒளி சிகிச்சை தொடங்கும் வழக்கம் பரவலாக உள்ளது. 35 முதல் 37 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு இந்த எல்லை இரண்டு மூன்று புள்ளி தாழும். அதோடு இரத்த வகை மாறுபாடும் சேர்ந்தால் இன்னும் தாழும். மருத்துவமனைக்கு மருத்துவமனை அட்டவணை சற்று வேறுபடலாம்.

பக்கத்து வீட்டுக் குழந்தை நிறைமாதமாகப் பிறந்து நான்காம் நாளில் 14 என்றால், எல்லைக்கு வெகு கீழே இருக்கிறது. அதுவும் இறங்கும் கட்டத்தை நெருங்கிவிட்டது. உங்கள் குழந்தை 36 வாரத்தில் பிறந்து, 30 மணி நேரத்திலேயே 12 என்றால், எல்லையைத் தாண்டிவிட்டது. ஏறும் கட்டமும் இன்னும் முடியவில்லை. எனவே அறிக்கையை வாங்கும்போது எண்ணை மட்டும் கேட்காமல், "இந்த மணி நேரத்துக்கு இவளுக்கு எல்லை எவ்வளவு, எவ்வளவு கீழே இருக்கிறாள், மறுபடி எப்போது பார்க்க வேண்டும்?" என்று கேளுங்கள். இதற்காகவே பிறந்த நேரத்தை நிமிடம் வரை குறித்து வைத்திருங்கள். முதல் நாளுக்குப் பிறகு மணிக்கு 0.2 அல்லது அதற்கு மேல் ஏறிக்கொண்டிருந்தால், எல்லையைத் தொடாவிட்டாலும் இரத்தம் உடைகிறதா என்று பார்ப்பார்கள்.

"வெயில் போதலைன்னு எப்படித்தான் தெரியும்? ஒரு கொழந்தையை வெச்சுச் சொல்லுங்க சிஸ்டர்."

எங்கள் பகுதியில் வழக்கமாக நடப்பதை ஒட்டி ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். 37 வாரத்தில், திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு, 2.8 கிலோ எடையில் சுகப்பிரசவமாகப் பிறந்த முதல் குழந்தை என்று வைத்துக்கொள்வோம். தாய்க்கும் குழந்தைக்கும் ஒரே பி பாசிட்டிவ் இரத்தம். புதன்கிழமை மாலை வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்கள். அப்போது முகத்தில் லேசான மஞ்சள் மட்டுமே. மஞ்சள் உச்சத்தை அடையும் நாட்கள் வீட்டில்தான் கழியப்போகின்றன என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை மார்பு வரை மஞ்சள். பாட்டி மாடிக்குக் கொண்டுபோய் வெயிலில் காட்டுகிறார். வெள்ளிக்கிழமை காலையும் காட்டுகிறார். நெற்றி தெளிந்ததாகத் தெரிகிறது. ஆனால் முந்தைய நாள் முழுவதும் குழந்தை ஆறு முறைதான் பால் குடித்தது, மூன்று முறைதான் சிறுநீர் கழித்தது, நான்காம் நாளுக்கு மஞ்சளாகியிருக்க வேண்டிய மலம் இன்னும் கரும்பச்சையாக இருக்கிறது. அழுத்திப் பார்த்தால் தொடையிலும் மஞ்சள். வெள்ளிக்கிழமை நண்பகல், பிறந்து 102 மணி நேரத்தில், மருத்துவமனைக்கு வருகிறார்கள். எடை 2.53 கிலோ; பிறந்த எடையில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. பிலிரூபின் 19.4. இந்தக் குழந்தைக்கு அந்த மணி நேரத்தில் எல்லை ஏறத்தாழ 17. சிகிச்சை தேவை.

நீல ஒளியில் வைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பிப் பால் கொடுத்து, மார்பில் சரியாகப் பொருத்தக் கற்றுக்கொடுத்து, சப்ப முடியாத வேளையில் பீய்ச்சிய தாய்ப்பாலைப் பாலாடையில் புகட்டியதும், 12 மணி நேரத்தில் 16.6, மறுநாள் மாலை 12.8 என அளவு இறங்குகிறது. விளக்கை நிறுத்தி, ஞாயிற்றுக்கிழமை மீண்டும் பார்த்தபோது 13.3, சற்றே ஏறியிருந்தாலும் எல்லைக்கு வெகு கீழே. எடை 2.6 கிலோவாகிவிட்டது. இந்தக் குழந்தைக்கு வந்த மஞ்சளின் முக்கியக் காரணம் பால் போதாததே. குடல் நகராவிட்டால் மலத்தில் போக வேண்டிய பிலிரூபின் மீண்டும் இரத்தத்துக்கே உறிஞ்சப்படுகிறது. வியாழக்கிழமையே எடையையும் பாலையும் பார்த்திருந்தால் ஒருவேளை விளக்கே தேவைப்பட்டிருக்காது.

"நீல லைட்ல வெச்சா கண்ணு கெட்டுடாதா? உடம்பு காய்ஞ்சிடாதா? பால் கொடுக்கலாமா?"

கண்ணுக்கு ஒளி படாமல் கண்பட்டை கட்டியே வைப்பார்கள். அது நழுவி மூக்கை மூடிவிடாமல் நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள். இடுப்புத் துணி தவிர வேறு உடை கூடாது. போர்வை போர்த்தினால் சிகிச்சை நின்றுபோகும். குழந்தை அழுகிறது என்று அடிக்கடி வெளியே எடுக்காதீர்கள், ஆனால் பால் கொடுக்கத் தயங்காமல் எடுங்கள். கண்பட்டையை அவிழ்த்து, முகம் பார்த்துக் கொடுக்கலாம். 24 மணி நேரத்தில் எட்டிலிருந்து பன்னிரண்டு முறை பால் குடிக்க வேண்டும். மலம் பச்சையாக, தளர்வாகப் போகும். தோலில் சிறு தடிப்பு வரலாம். இவை விளக்கை நிறுத்தியதும் மாறிவிடும்.

விளக்கில் வைத்தும் அளவு இறங்காமல் மிக உயர்ந்த எல்லையை நெருங்கினாலோ, முன்பு சொன்ன மூளை அறிகுறிகள் தெரிந்தாலோ இரத்த மாற்றுச் சிகிச்சை செய்வார்கள். குழந்தையின் இரத்தத்தைச் சிறிது சிறிதாக எடுத்துவிட்டு வேறு இரத்தம் செலுத்துவது அது. நேரத்தோடு விளக்கில் வைக்கப்பட்ட குழந்தைகளுக்கு இது அரிதாகவே தேவைப்படும். அரசு மருத்துவமனைகளில் பச்சிளங்குழந்தைக்கான சிகிச்சை, பரிசோதனை, போக்குவரத்து ஆகியவை ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்கீழ் இலவசம். நம் பகுதிக்கு ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையும் எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையும் எட்டும் தூரத்தில் உள்ளன. செலவுக்கு அஞ்சிக் காத்திருக்க வேண்டாம்.

"நீல பல்பு வாங்கி வீட்டிலேயே மாட்டிட்டா?"

வேண்டாம். கண்ணுக்கு நீலமாகத் தெரியும் அலங்கார விளக்கில் தேவையான ஒளி தேவையான வலுவில் இருக்காது. மருத்துவமனையில் விளக்கின் வலுவைக் கருவியால் அளந்து, குழந்தையிலிருந்து குறிப்பிட்ட தூரத்தில் வைக்கிறார்கள். இரத்தத்தையும் இடையிடையே சோதிக்கிறார்கள். வீட்டில் இவை எதுவும் நடக்காது. குழந்தை சுட்டுக்கொள்ளும் அபாயம் மட்டும் மிஞ்சும்.

"குளுக்கோஸ் தண்ணி, கீழாநெல்லிச் சாறு கொடுக்கலாமா? மந்திரிச்சு மாலை போட்டா இறங்கும்னு சொல்றாங்க."

குளுக்கோஸ் தண்ணீரும் சர்க்கரைத் தண்ணீரும் வயிற்றை நிரப்பிப் பாலைக் குறைக்கும். பால் குறைந்தால் என்ன ஆகும் என்பதை மேலே உள்ள எடுத்துக்காட்டில் பார்த்தோம். பிறந்த குழந்தைக்குக் கீழாநெல்லி, வேறு எந்தச் சாறு, கிரைப் வாட்டர் எதுவும் கூடாது. மாலை போடுவதால் தீங்கு இல்லை. மாலை இறங்கட்டும் என்று பரிசோதனையைத் தள்ளிப்போடுவதில்தான் தீங்கு. பெரியவர்களின் மன ஆறுதலுக்காகப் போட்டுக்கொண்டு, அன்றே இரத்தமும் பார்த்துவிடுங்கள்.

இதனோடு ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பழைய துணிகளை அந்துருண்டை போட்ட பெட்டியிலிருந்து எடுத்து நேரடியாகக் குழந்தைக்குப் போர்த்தாதீர்கள். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு அந்துருண்டையில் உள்ள நாப்தலின் வாசனை பட்டாலே சிவப்பணுக்கள் திடீரென உடைந்து, மஞ்சள் வேகமாக ஏறிவிடும். அந்தக் குறைபாடு இருப்பது முன்கூட்டியே யாருக்கும் தெரிந்திருக்காது.

"லைட் நிறுத்தி வீட்டுக்கு வந்துட்டோம். இப்போ மறுபடியும் மஞ்சளாத் தெரியுது."

நிறுத்திய மறுநாள் அளவு ஒன்றிரண்டு புள்ளி ஏறுவது உண்டு. எடுத்துக்காட்டுக் குழந்தைக்கும் அப்படித்தான் ஏறியது. அதனால்தான் மறுபரிசோதனைக்கு வரச் சொல்கிறார்கள். குழந்தை நன்றாகத் தெரிகிறது என்று அதைத் தவிர்த்துவிடாதீர்கள். ஒளி பட்ட தோல் வெளுத்திருப்பதால், சிகிச்சைக்குப் பின் சில நாட்களுக்கு வீட்டுச் சோதனையும், தோலின் மேல் வைத்து அளக்கும் கருவியும் நம்பத்தக்கவை அல்ல. இரத்தப் பரிசோதனை ஒன்றே வழி.

"ஒரு மாசம் ஆகப்போகுது, இன்னும் லேசா மஞ்சள் இருக்கு. பால் குடிக்குது, எடையும் ஏறுது. அப்புறமும் பார்க்கணுமா?"

பார்க்க வேண்டும். தாய்ப்பால் நன்றாகக் குடிக்கும் சில குழந்தைகளுக்கு இரண்டு, மூன்று மாதம் வரை லேசான மஞ்சள் நீடிப்பது உண்டு. அது தீங்கற்றது, தாய்ப்பாலை நிறுத்தத் தேவையில்லை. ஆனால் பித்தநாளம் அடைபட்ட குழந்தையும் முதல் வாரங்களில் இதே போல நன்றாகக் குடித்து, எடை ஏறி, பார்ப்பதற்கு ஆரோக்கியமாகவே இருக்கும். இரண்டையும் தோலின் நிறத்தால் பிரிக்க முடியாது.

மலத்தையும் சிறுநீரையும் பாருங்கள். பிறந்த குழந்தையின் சிறுநீர் கிட்டத்தட்ட நிறமற்றது. அது துணியில் மஞ்சள் கறை பதித்தால் இயல்பானது அல்ல. மலம் கடுகு மஞ்சளாகவோ பச்சையாகவோ இல்லாமல், சுண்ணாம்பு போல வெளுத்தோ, களிமண் நிறத்திலோ போனால் பித்தம் குடலுக்கு வரவில்லை என்று பொருள். அந்தத் துணியை அலசாமல் அப்படியே எடுத்து வாருங்கள். இந்த அறிகுறிகள் இல்லாவிட்டாலும், நிறைமாதக் குழந்தைக்கு இரண்டு வாரத்துக்கு மேல், குறைமாதக் குழந்தைக்கு மூன்று வாரத்துக்கு மேல் மஞ்சள் நீடித்தால், மொத்தப் பிலிரூபினோடு, கல்லீரல் பதப்படுத்தி முடித்த பகுதியான நேரடிப் பிலிரூபினையும் தனியாகப் பிரித்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தைராய்டு பரிசோதனையும் சேர்த்துச் செய்வார்கள். நேரடிப் பிலிரூபின் 1க்கு மேல் இருந்தால், அது விளக்காலோ வெயிலாலோ தீரும் மஞ்சள் அல்ல. பித்தநாள அடைப்பாக இருந்தால் அறுவை சிகிச்சை தேவை. பிறந்த 60 நாட்களுக்குள் செய்தால்தான் பித்தம் மீண்டும் வழிவதற்கான வாய்ப்பு அதிகம். ஒரு மாதம் ஆகப்போகும் உங்கள் குழந்தைக்கு இந்தப் பரிசோதனையை இந்த வாரமே செய்துவிடுங்கள்.